மாடியில் கட்டில் போடுவதா, குடும்பத்துக்கே விட்டுவிடுவதா?

மாடி காலியாகக் கிடக்கிறது என்று தெரிந்ததும் யாராவது ஒருவர் வந்து இதைச் சொல்லிவிட்டுப் போவார்: "குடும்பத்துக்கு ஏன் விடுகிறாய்? கட்டில் போட்டு பிஜியாக விடு, இரட்டிப்பாக வரும்." எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். முதல் இரண்டு வருடம் மாணவர்களை வைத்திருந்தோம். அப்புறம் வெளியூரிலிருந்து வேலைக்கு வந்தவர்களை வைத்தோம். நடுவில் சில மாதம் மாடி முழுவதையும், ஆட்களை வேலைக்கு வைத்திருக்கும் ஒரு காண்டிராக்டரிடம் மொத்தமாகக் கொடுத்தும் பார்த்தோம். கீழே நாங்கள் நான்கு பேர் இருக்கிறோம், அதில் ஒருவர் வயதான அம்மா. எந்த வழியில் என்ன கிடைக்கும், எது போகும் என்பதை எங்கள் மாடியை வைத்தே சொல்கிறேன்.

எங்கள் மாடியில் மூன்று அறைகள், ஒரு கூடம், ஒரு சின்னச் சமையலறை, இரண்டு குளியலறை. இரண்டு அறை பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடி, ஒன்று பத்துக்குப் பத்து. படி வெளிப்புறமாகப் போகிறது. இந்தப் படியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மாடிக்குப் போகும் படி உங்கள் கூடத்துக்குள்ளிருந்து ஏறினால் பிஜி யோசனையை அங்கேயே விட்டுவிடுங்கள். ஒரு நாளைக்கு ஆறு பேர் முப்பது முறை உங்கள் வீட்டுக்குள் நடந்து போவார்கள். ஒரு மாதம் தாங்கும், ஒரு வருடம் தாங்காது. வெளிப்படி கட்ட வழியில்லை என்றால் நம்பிக்கையான ஒரு குடும்பத்துக்கு விடுவது ஒன்றுதான் வழி.

அடுத்தது எத்தனை கட்டில் என்பது. இதில் ஆசை நம்மை ஏமாற்றும். தொழிலாளர் தங்குமிடங்களுக்கு ஐஎஃப்சி என்ற சர்வதேச நிதி நிறுவனமும் ஐரோப்பிய மறுசீரமைப்பு வங்கியும் சேர்ந்து 2009-இல் ஒரு வழிகாட்டி வெளியிட்டன. ஒரு ஆளுக்கு 4 முதல் 5.5 சதுர மீட்டர் தரைப்பரப்பு, கட்டிலுக்கும் கட்டிலுக்கும் குறைந்தது 1 மீட்டர் இடைவெளி என்று அதில் சொல்லியிருக்கிறார்கள். பன்னிரண்டடி அறை 13.4 சதுர மீட்டர், அதாவது மூன்று பேர். பத்தடி அறை 9.3, அங்கே இரண்டு பேர். மொத்தம் எட்டு. மாணவர்கள் என்றால் ஆளுக்கு ஒரு மேசையும் நாற்காலியும் வேண்டும், அதனால் பெரிய அறையிலும் இரண்டு பேர்தான் நிம்மதியாக இருக்க முடியும். மொத்தம் ஆறு.

அடுக்குக் கட்டில் போட்டால் இரட்டிப்பாகுமே என்று தோன்றும். தீ விபத்தையும் சுத்தத்தையும் எண்ணி அந்த வழிகாட்டியே அதைத் தவிர்க்கச் சொல்கிறது. வீடுகளில் இன்னொரு ஆபத்தும் உண்டு. வீட்டுக் கூரையின் உயரத்துக்கு, மேல்கட்டிலில் எழுந்து உட்காருகிறவரின் தலை மின்விசிறி இறக்கைக்கு வெகு அருகில் வந்துவிடும். சோதிப்பது எளிது. மேல்தட்டு வரப்போகும் உயரத்துக்கு ஒரு ஏணி வைத்து, விசிறியை நிறுத்திவிட்டு, ஏறி உட்கார்ந்து கையை நீட்டிப் பாருங்கள்.

இனி பணம். ஊருக்கு ஊர் வாடகை மாறும். அதனால் மாடியைக் குடும்பத்துக்கு விட்டால் வரும் மாத வாடகையை 100 பங்கு என்று வைத்துக்கொள்வோம். இனிச் சொல்லும் எண்களெல்லாம் அந்த நூறை வைத்துத்தான். உங்கள் ஊர் நிலவரத்தை அந்த இடங்களில் போட்டுப் பாருங்கள்.

குடும்பத்துக்கு விட்டால் வருடத்துக்கு 1200. வெள்ளையடிப்பு, சில்லறைப் பழுது, ஆள் மாறும்போது காலியாக இருக்கும் நாட்கள் எல்லாம் போக 1150 கையில் நிற்கும். மின்கட்டணம் அவர்களுடையது, பெருக்கித் துடைப்பதும் அவர்களுடையது.

மாணவர்களுக்குச் சாப்பாடு இல்லாமல் கட்டிலுக்கு 30 என்று வைத்தால் ஆறு கட்டிலுக்கு மாதம் 180. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் விடுமுறை இரண்டு மாதத்துக்கு யாரும் வாடகை கொடுக்க விரும்புவதில்லை, பத்து மாதம்தான் வரும். ஆக 1800. மின்சாரம், தண்ணீர், துப்புரவுக்கு வருகிறவரின் சம்பளம், இணையம், பழுது எல்லாம் மாதம் 45 என்றால் 450 போகும். மிச்சம் 1350. கட்டில், மெத்தை, பூட்டுப் போடும் அலமாரி, மேசை எல்லாவற்றுக்கும் தொடக்கத்தில் 300 போட்டிருப்போம். அவை ஐந்து வருடம் உழைக்கும் என்று வைத்தால் வருடத்துக்கு 60. கடைசியில் 1290.

வேலைக்கு வந்தவர்களிடம் கட்டிலுக்கு 25 வாங்கினால் எட்டுக் கட்டிலுக்கு மாதம் 200. ஆனால் அவர்கள் வேலை மாறினால் இடமும் மாறுவார்கள். வருடம் முழுக்கச் சராசரியாக ஆறரைக் கட்டில்தான் நிரம்பியிருக்கும். அது 1950. எட்டுப் பேர் புழங்கும் செலவு மாதம் 55, பன்னிரண்டு மாதமும் உண்டு, ஆக 660. தளவாடத்துக்கு 60. கடைசியில் 1230.

குடும்பத்துக்கு விட்டால் 1150, மாணவர்கள் 1290, வேலைக்கு வந்தவர்கள் 1230. இரட்டிப்பு என்று சொன்னவர் மாத வசூலை மட்டும் பார்த்துச் சொல்லியிருக்கிறார். செலவும் காலி நாட்களும் போனால் அதிகமாகக் கிடைப்பது மிஞ்சிப்போனால் ஒன்றரை மாத வாடகை. வருடம் முழுவதும் குழாய் சரிசெய்ய ஆள் தேடுவதற்கும், புது ஆளுக்குச் சாவி கொடுப்பதற்கும், இரவு பதினோரு மணிக்கு ஒலிக்கும் போனை எடுப்பதற்கும் அதுதான் நம் கூலி. அந்தக் கூலி போதும் என்றால் செய்யலாம். என் அனுபவத்தில், விடுமுறையிலோ ஆள் மாறும்போதோ கட்டில் இப்படிக் காலியாகும் இடத்தில், கட்டில்கள் முழுதும் நிரம்பியபோது வரும் மாதத் தொகை குடும்ப வாடகையைப் போல இரண்டேகால் மடங்காவது இருக்க வேண்டும். அதற்குக் கீழே என்றால் குடும்பத்துக்கே விட்டுவிடலாம். கல்லூரிக்கோ தொழிற்சாலைக்கோ நடந்து போகும் தூரத்தில் வீடு இருந்தால் இந்த மடங்கு தாண்டும். பஸ் பிடித்துப் போக வேண்டிய தூரம் என்றால் பெரும்பாலும் தாண்டாது.

இதே கணக்கில் இன்னொன்றும் இருக்கிறது. எனக்கு அது இரண்டாம் வருடம்தான் புரிந்தது. மாணவர்கள் இடம் தேடுவது வருடத்தில் ஒரு முறை, வகுப்புகள் தொடங்கும் அந்தச் சில வாரங்களில். அப்போது நிரம்பாத கட்டில் அந்த வருடம் முழுவதும் காலிதான். ஒரு கட்டில் காலியாக நின்றால் பத்து மாதத்துக்கு 300 போகும். செலவு கொஞ்சம் குறையும் என்றாலும், குடும்ப வாடகையைவிட அதிகமாகக் கிடைக்கும் அந்த 140 அப்படியே கரைந்து, அதற்குக் கீழே இறங்கிவிடுவோம். இரண்டாம் வருடம் எங்களுக்கு அதுதான் நடந்தது. ஐந்து மாணவர்களோடு ஓட்டினோம், வீட்டில் எல்லோரும் ஓடிக்கொண்டே இருந்தோம், கையில் நின்றது குடும்ப வாடகையைவிடக் குறைவு. வேலைக்கு வந்தவர்கள் எந்த மாதமும் வருவார்கள். ஒருவர் போனால் அவரே தன் ஊர்க்காரர் ஒருவரைக் கூட்டிவந்து விட்டுவிட்டுப் போவார். தொகை சற்றுக் குறைவாகத் தெரிந்தாலும் அது ஒரேயடியாகச் சரிவதில்லை.

மாணவர்களையே வைப்பதென்றால் இரண்டு காரியம் செய்யுங்கள். விடுமுறையில் கட்டிலைப் பிடித்து வைக்கப் பாதி வாடகை என்று சேரும் நாளிலேயே எழுதி வாங்குங்கள். வகுப்பு தொடங்க இரண்டு மாதம் முன்பே அடுத்த வருடம் யார் இருக்கிறார்கள், யார் போகிறார்கள் என்று கேட்டு முன்பணம் வாங்கிவிடுங்கள்.

பணத்துக்கு அடுத்தபடி வீட்டைப் பாதிப்பது கடிகாரம். மாணவர்கள் இரவில் விழித்திருப்பார்கள். பரீட்சை நாட்களில் இரவு ஒரு மணிக்கு மேலே யாரோ நாற்காலியை இழுக்கும் சத்தம் நேராக அம்மா படுக்கும் அறையில் இறங்கும். தளத்தில் ஒரு சின்ன இழுப்பு, கீழே அது பலகையை அறுப்பதுபோல் கேட்கும். நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் மூடி மாட்டினோம், பெரும்பகுதி நின்றுவிட்டது. வேலைக்குப் போகிறவர்கள் இரவில் அசந்து தூங்குவார்கள். ஆனால் காலை ஷிப்டு என்றால் நாலரைக்கு வாளி நிரம்பும் சத்தம் தொடங்கும். இரவு ஷிப்டு முடித்து வருகிறவர் பகலில் தூங்க வேண்டும், அப்போது கீழே மிக்சி ஓடும், பிள்ளைகள் கத்துவார்கள். தூக்கமில்லாமல் இயந்திரத்தின் முன்னால் போய் நிற்பவர் அவர், அதை நாம் மறக்கக் கூடாது. இரவு ஷிப்டுக்காரர்களை ஒரே அறையில், தெருவுக்கு எதிர்ப்பக்கமாகப் போட்டு, ஜன்னலுக்குக் கெட்டியான திரை மாட்டினோம். ஒரே அறையில் பகல் ஷிப்டும் இரவு ஷிப்டும் கலந்தால் இரண்டு பேருக்குமே தூக்கம் இராது. மாணவர்களையும் வேலைக்குப் போகிறவர்களையும் ஒரே தளத்தில் கலப்பதும் அதே காரணத்தால் சரிவராது.

குளியலறைக்கு வருவோம். அந்த வழிகாட்டி ஒரு கழிப்பறைக்கு 6 முதல் 15 பேர் வரை வழக்கில் உண்டு என்கிறது. அப்படிப் பார்த்தால் எட்டுப் பேருக்கு இரண்டு தாராளம். ஆனால் எட்டுப் பேரும் ஒரே ஷிப்டு என்றால் ஆளுக்குப் பன்னிரண்டு நிமிடம் வைத்தாலும் இரண்டு அறையில் எல்லோரும் முடிக்க முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். சண்டை தொடங்குவது அங்கேதான். எங்களுக்கு உதவியது ஒரு சின்ன மாற்றம். ஒரு குளியலறையின் நடுவே சுவர் எழுப்பி, கழிப்பறைக்கு ஒரு கதவும் குளிக்கும் இடத்துக்கு ஒரு கதவுமாகப் பிரித்தோம். கை கழுவும் தொட்டியை வெளியே கூடத்துக்குக் கொண்டுவந்தோம். ஒரே நேரத்தில் இரண்டு பேருக்குப் பதில் நான்கு பேர் தங்கள் வேலையைப் பார்க்க முடிந்தது. அடுத்த கட்டில் வாங்கப் பணமிருந்தால் அதை இந்தச் சுவருக்குப் போடுங்கள்.

தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 80 முதல் 180 லிட்டர் என்பது அதே வழிகாட்டியின் அளவு. நூறு என்று வைத்தால் மேலே 800, கீழே நான்கு பேருக்கு 400. ஆயிரம் லிட்டர் மேல்தொட்டி ஒன்றுதான் என்றால் சாயங்காலம் குழாயில் காற்றுதான் வரும். அது யாருடைய குற்றம் என்று மேலும் கீழும் மனக்கசப்பு வரும். மாடிக்குத் தனித் தொட்டி வைத்துவிட்டால் அந்தப் பேச்சே எழாது. எண்ணெய்க் கறை படிந்த வேலையுடுப்பு துவைப்பவர்கள் என்றால் 100 போதாது, 130 என்று கணக்கிடுங்கள்.

வீட்டில் செப்டிக் டேங்க் இருந்தால், நான்கு பேருக்குக் கட்டியது இப்போது பன்னிரண்டு பேரைத் தாங்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள். அது நிரம்பி அடைக்கும்போது தண்ணீர் எதிர்த்து வருவது மிகத் தாழ்வான வாயில்தான், அதாவது உங்கள் கீழ்த்தளத்தில். மேலே ஒருவர் தண்ணீர் ஊற்றும்போது கீழ்க் கழிப்பறையில் களகளவென்று குமிழி விடும் சத்தம் கேட்டால் ஆள் வைத்து எடுக்கும் நேரம் வந்துவிட்டது. அந்தச் சத்தத்தை நாங்கள் ஒரு வாரம் பொருட்படுத்தாமல் விட்டோம். எட்டாம் நாள் கீழ்க் கழிப்பறைத் தரை முழுக்கக் கழிவுநீர் நின்றது.

சாப்பாடு போடுவதா என்ற கேள்விக்கு என் பதில் சுருக்கமானது: வீட்டில் சமைப்பவர் தாமாக விரும்பிக் கேட்டால் மட்டும், அவருக்கென்று தனியாக ஒரு தொகை ஒதுக்கிவிட்டு. வேலைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் தங்கள் கைப்பக்குவத்தில் சமைத்துக்கொள்ளவே விரும்புவார்கள். அதற்கு மாடிச் சமையலறையைத் திறந்துவிடுங்கள். திறந்துவிடாவிட்டால் அறைக்குள் மின்னடுப்பு வரும். 2000 வாட் மின்னடுப்பு 230 வோல்ட்டில் ஒன்பது ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். விளக்குக்கும் விசிறிக்கும் போட்ட மெல்லிய கம்பி அதைத் தாங்காது. சுவிட்சுப் பலகை கைக்குச் சூடாக இருக்கிறதா, பிளாஸ்டிக் கருகும் வாடை வருகிறதா, யாரோ அடுப்பைப் போட்டதும் விளக்கு மங்குகிறதா என்று பாருங்கள். இதில் ஒன்று தெரிந்தாலும் அன்றே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும். சமையலறைக்குத் தடித்த கம்பியில் தனி இணைப்பும், அதற்கென்று, சுமை கூடினால் தானாக அணையும் தனி எம்சிபியும் போடச் சொல்லுங்கள்.

தீயைப் பற்றிப் பேசும்போதே பூட்டையும் சொல்லிவிடுகிறேன். இரவு பத்து மணிக்குப் படிக்கட்டின் கம்பிக் கதவைப் பூட்டிச் சாவியைத் தங்கள் தலையணைக்கடியில் வைத்துக்கொள்ளும் வீட்டுக்காரர்களை நான் பார்த்திருக்கிறேன். பெண் மாணவிகள் என்றால் பெற்றவர்களே அப்படிச் செய்யச் சொல்வார்கள். எந்தக் காரணத்துக்காகவும் அதைச் செய்யாதீர்கள். உள்ளிருப்பவர்கள் சாவி தேடாமல் திறக்கும் தாழ்ப்பாளாக இருக்கட்டும், வெளியிலிருந்து வருகிறவருக்கு மட்டும் சாவி வேண்டியிருக்கட்டும்.

ஆள் அடிக்கடி மாறும் இடத்தில் மூட்டைப்பூச்சி வரும். அது வருகிறவர்களின் குற்றமில்லை, யாருடைய பையிலும் வரலாம். மெத்தையின் தையலோரம் மை தெளித்ததுபோல் கரும்புள்ளிகள் தெரிந்தால் வந்துவிட்டது என்று அர்த்தம். இரும்புக் கட்டில், மெத்தைக்கு ஜிப் வைத்த முழு உறை, ஒவ்வொருவர் கிளம்பும்போதும் கட்டில் மூட்டுகளில் டார்ச் அடித்துப் பார்ப்பது, இந்த மூன்றும் இருந்தால் ஒரு அறையோடு நிறுத்திவிடலாம். இரை கிடைக்காமலே பல மாதம் உயிரோடிருக்கும் பூச்சி அது, அறையைப் பூட்டி வைத்துச் சாகடிக்க நினைப்பது வீண்.

கடைசியாகக் காண்டிராக்டர். அவர் சொல்வது இதமாக இருக்கும்: "ஆள் தேடும் தொல்லையே உங்களுக்கு வேண்டாம். எட்டுக் கட்டிலுக்கும் சேர்த்து மாதம் 160, மொத்தமாக என்னிடம் வாங்கிக்கொள்ளுங்கள்." கணக்குப்படி வருடம் 1920, செலவும் தளவாடமும் போக 1200. குடும்ப வாடகையைவிட 50 கூட, அதுவும் தலைவலி இல்லாமல். நாங்கள் ஒப்புக்கொண்டோம். இரண்டாம் மாதமே மாடியில் பதினோரு ஜோடிச் செருப்பு கிடந்தது. கேட்டால், "பகல் ஷிப்டு ஆள் எழுந்ததும் ராத்திரி ஷிப்டு ஆள் அதே கட்டிலில் படுத்துக்கொள்வார், உங்களுக்கு என்ன?" என்றார். கட்டிலை மாற்றி மாற்றிப் பயன்படுத்துவதை அந்த 2009 வழிகாட்டி வேண்டாம் என்கிறது. தொழிலாளிக்கு ஆளுக்கொரு தனிக் கட்டில் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் வீட்டுவசதிப் பரிந்துரை 1961-லேயே சொல்லிவிட்டது. தண்ணீரும் செப்டிக் டேங்கும் பதினோரு பேருக்குத் தாங்காதது வேறு விஷயம்.

ஐந்தாம் மாதம் பணம் நின்றது. ஆறாம் மாதமும் வரவில்லை. மேலே போய்ச் சொன்னபோது அவர்கள் திகைத்துப் போனார்கள். தங்கும் செலவென்று காண்டிராக்டர் மாதாமாதம் அவர்கள் சம்பளத்தில் பிடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். "எங்களிடம் வாங்கிவிட்டாரே அண்ணா" என்று ஒருவர் சம்பளச் சீட்டை எடுத்துக் காட்டினார். அவர்களைக் காலி செய்யச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சட்டப்படி என் ஒப்பந்தம் அவர்களோடு இல்லை, அவரோடு. அந்த இரண்டு மாதமும் 320 போயிற்று. படுக்கிறவர் ஒருவர், பணம் கொடுக்கிறவர் வேறொருவர் என்றால் இரண்டு பக்கமும் நாம் சிக்குவோம்.

காண்டிராக்டருக்குத்தான் கொடுப்பது என்று முடிவெடுத்தால் எழுத்தில் மூன்று இருக்கட்டும்: கட்டிலுக்கு ஒரு ஆள் என்று அதிகபட்சம் எட்டுப் பேர், பெயர்ப் பட்டியலோடு; மூன்று மாத வாடகை முன்பணம்; அவர் தராமல் நின்றால் தங்கியிருப்பவர்கள் அதே தொகையை நேரடியாக என்னிடம் கொடுத்துத் தொடரலாம். மூன்றாவதற்கு அவர் தயங்கினால் கொடுக்காதீர்கள்.

அடையாள அட்டையின் நகலை வாங்கிக்கொள்ளுங்கள், அசலை வாங்காதீர்கள். வாடகை பாக்கிக்குப் பிணையாகக்கூட வேண்டாம். அடையாள ஆவணங்களைப் பிடித்து வைப்பதைக் கட்டாய உழைப்பின் பதினோரு அறிகுறிகளில் ஒன்றாகச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு சேர்த்திருக்கிறது. எத்தனை பேருக்கு மேல் போனால் விடுதி என்று பதிவு செய்ய வேண்டும், குடியிருப்பு வீட்டின் மின்கட்டணமும் வரியும் மாறுமா, காவல் நிலையத்தில் விவரம் கொடுக்க வேண்டுமா என்பதை உங்கள் உள்ளாட்சி அலுவலகத்தில் கட்டில் வாங்குவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். பல இடங்களில் ஒரு எண்ணிக்கையைத் தாண்டினால் விதிகள் முற்றிலும் வேறு. அந்த எண்ணுக்கு ஒன்று குறைவாக நிறுத்திக்கொள்வதே சில வீடுகளுக்குச் சரியான முடிவாக இருக்கும்.

இப்போது எங்கள் மாடியில் வேலைக்குப் போகிறவர்கள் ஆறு பேர் இருக்கிறார்கள், எட்டு இல்லை. ஆளாளுக்கு நேரடியாக எங்களிடம் கொடுத்து ரசீது வாங்குகிறார்கள். அறைக்கு இரண்டு பேராகக் குறைத்ததும் ஒருவருக்கு 25 என்பதை 31 ஆக்கினோம், அவர்களே சம்மதித்தார்கள். ஆட்கள் மாறுவதும் குறைந்துவிட்டது. வருடத்தில் ஒரு கட்டில் ஒன்றிரண்டு மாதம் காலியாக இருந்தால் அதிகம். செலவு மாதம் 45, தளவாடம் போக வருடக் கடைசியில் 1570 அளவில் நிற்கிறது. எட்டுக் கட்டிலில் கிடைத்ததைவிட இது அதிகம், அம்மாவும் இரவில் தூங்குகிறார்.

தொடங்க நினைப்பவர்கள் எட்டுக் கட்டிலையும் ஒரே நாளில் வாங்க வேண்டாம். ஒரு அறைக்கு மட்டும் இரண்டு போட்டு மூன்று மாதம் பாருங்கள். காலை ஐந்திலிருந்து எட்டு வரை தொட்டியில் எத்தனை அங்குலம் இறங்குகிறது என்று ஒரு குச்சியை விட்டு அளந்து குறித்து வையுங்கள். இன்னும் எத்தனை பேரை உங்கள் வீடு தாங்கும் என்பது அந்தக் குறிப்பிலேயே தெரிந்துவிடும்.